தூசி படிந்த ரவுட்டர்

பழைய இணைய கம்பெனிக்காரர் ரவுட்டரைத் திரும்ப எடுத்துப்போக மதியம் வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முன்னே என் மச்சான் வந்துவிட்டார்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். குடும்பத்தில் அவருக்கு 'ஆலோசகர்' என்று பெயர். யாரும் கேட்காமலே ஆலோசனை தருவதால் வந்த பட்டம். அவர் மட்டும் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"ரீசெட் பண்ணாம குடுத்துடாதீங்க மாப்பிள்ளை. உங்க வைஃபை பேரு, பாஸ்வேர்டு, கனெக்‌ஷனோட லாகின் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. வீட்டு சாவியை ரோட்டுல போட்டுட்டுப் போற மாதிரி."

அவர் சொன்னது சரிதான். சரியானதையும் சொற்பொழிவாகச் சொல்வதுதான் அவரிடம் கோளாறு.

உள்ளறையில் என் மனைவி மடிக்கணினி முன்னால் தயாராகிக்கொண்டிருந்தாள். பிள்ளை பிறந்தபோது விட்ட கணக்காளர் வேலை. எட்டு வருடம் கழித்து ஓர் ஏற்றுமதி நிறுவனம் நேர்காணலுக்கு அழைத்திருந்தது, வீடியோவில். இன்னும் அரை மணி நேரம்.

"அண்ணா, இப்ப எதையும் தொடாதீங்க. நான் முடிச்சிட்டு வந்து பண்றேன்," என்றாள்.

"உனக்கெதுக்கு சிரமம், தங்கச்சி? நீ கணக்கைப் பாரு." அதோடு பேச்சு முடிந்தது என்று நம்பி நான் குளிக்கப் போனேன்.

கூடத்து மேசையில் இரண்டு ரவுட்டர்கள். இரண்டும் கறுப்பு, ஒரே உயரம், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒன்று பளபளவென்று, இணைப்பில்லாமல். இன்னொன்றின் மேல் ஒரு விரல் தூசி, விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஆலோசகர் கணநேரத்தில் துப்பறிந்துவிட்டார். தூசி இருப்பது பழசு. பளபளப்பது இன்னும் மாட்டாத புதுசு.

ஃபோனிலிருந்து சிம் எடுக்கும் ஊசியைப் பாக்கெட்டிலிருந்து உருவி, தூசி ரவுட்டரின் பின்பக்க ஓட்டைக்குள் விட்டு, விளக்கெல்லாம் ஒன்றாக மினுக்கும்வரை அழுத்திப் பிடித்தார். மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டாராம். நான் குளியலறையிலிருந்து தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"சுத்தம்," என்றார்.

"நெட் போச்சு," என்றாள் உள்ளிருந்து.

பழையதை மரியாதையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று அவள்தான் நேற்று துடைத்து வைத்திருந்தாள். புதியதன் மேலிருந்தது, கேபிளுக்காகச் சுவரைத் துளைத்தபோது கொட்டிய சிமென்ட் தூசி.

இப்போது புதியது பிறந்த குழந்தை. அடியில் ஒட்டிய ஸ்டிக்கரிலுள்ள பெயரையே வைஃபை பெயராகக் காட்டியது. நெட்டுக்கான விளக்கு சிவப்பு. புது கம்பெனி ஆளே போட்டுவிட்டுப் போன லாகினை அதில் மறுபடி போட்டால்தான் உயிர் வரும்; அது எங்களிடம் இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். பாட்டுப் போட்டார்கள்.

"என் ஃபோன்ல ஹாட்ஸ்பாட்..." என்று மச்சான் தொடங்கினார்.

"இந்த வீட்டுல சிக்னல் பால்கனியில மட்டும்தான். நான் துணி காயுற கொடிக்கு நடுவுல உட்கார்ந்து பேட்டி குடுக்கணுமா?"

சொன்னவள் மேசையைப் பார்த்தாள். பளபளப்பானதைக் கையிலெடுத்தாள்.

"இதை நீங்க தொடலையே, அண்ணா?"

"இல்லம்மா."

"நல்ல வேளை, தப்பானதை அழிச்சீங்க."

பழைய இணைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை, ரவுட்டர் போய்ச் சேர்ந்த பிறகுதான் துண்டிப்பார்கள். சுவரில் தொங்கிய பழைய கேபிளைச் செருகி, சுவிட்சைப் போட்டாள். விளக்குகள் ஒவ்வொன்றாக விழித்தன. மடிக்கணினிக்குப் பழைய பெயரும் பாஸ்வேர்டும் மறக்கவில்லை, தானே ஒட்டிக்கொண்டது. அவள் கதவைச் சாத்தினாள்.

நாங்கள் இருவரும் வெளியே, பள்ளியில் தண்டனை வாங்கினவர்கள் போல நின்றோம். கதவு வழியாகக் கேட்டது.

"எதிர்பாராத சிக்கலைச் சமாளிச்ச அனுபவமா? இருக்குங்க. எங்கண்ணன்னு ஒருத்தர் இருக்கார்..."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். உள்ளே பலர் சிரிக்கும் சத்தம்.

வெளியே வந்தவளின் முகத்தில் எட்டு வருடமாக நான் பார்க்காத ஒரு மிடுக்கு இருந்தது. "எப்ப சேர முடியும்னு கேட்டாங்க."

பிறகு ஊசியை அண்ணனிடமிருந்து வாங்கினாள். ஸ்டிக்கரில் கம்பெனி பெயரைப் படித்து உறுதி செய்துகொண்டு, பழையதை அழுத்தினாள். அது மறுபடி எழுந்ததும் ஃபோனில் பார்த்தாள். எங்கள் பெயர் போய், ஸ்டிக்கர் பெயர் வந்திருந்தது. அதன் அமைப்புப் பக்கத்துக்குள்ளும் நுழைந்து, எதுவும் மிச்சமில்லை என்று பார்த்த பிறகே மின்கம்பியைச் சுற்றி பெட்டியில் வைத்தாள்.

மதியம் வந்த பழைய கம்பெனிக்காரர் அதை எடுத்துப்போனார். சாயங்காலம் புது கம்பெனி லாகினைத் தந்தது. அவளே போட்டாள். மச்சான் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"யோசிச்சுப் பாருங்க மாப்பிள்ளை. அந்தக் கேள்விக்குப் பதில் என்னாலதானே கிடைச்சுது?"

"ஆமாண்ணா," என்றாள் அவள். "முதல் சம்பளத்துல உங்களுக்குத்தான் சட்டை. ஊசி வைக்கிற பாக்கெட் இல்லாத சட்டை."