பூஜ்யத்துக்குப் பக்கத்தில்

"தேவேந்திரன், அரக்கை ஊத்தாதீங்க!"

புவனேஸ்வரி ஓடினாள். ஐம்பத்திரண்டு வயதில், ஜரிகை வைத்த பட்டுப் புடவையில், நூறு பேர் பார்க்க, விடைத்தாள் திருத்தும் மையத்தின் நீளமான ஹாலில் ஓடினாள். மேசை மேல் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அலுவலக உதவியாளர் தேவேந்திரனின் கையில் சிவப்பு அரக்கு உருகிச் சொட்டத் தயாராக இருந்தது. அதற்குக் கீழே, சணல் கயிறு கட்டிய நாற்பத்தொன்றாம் கட்டு.

"இன்னாம்மா இது, கை வெந்திருக்கும்!" தேவேந்திரன் அரக்கை விலக்கினார். "காலைல முடிச்ச கட்டு. நீங்களே கையெழுத்து போட்டுக் குடுத்தீங்களே."

"அவிழுங்க. உள்ளே ஒரு பேப்பருக்கு நான் தப்பா பூஜ்யம் போட்டிருக்கேன்."

"நான் அவிழ்த்தா என் வேலை போயிடும். சார் கிட்ட கேளுங்க."

சுவர்க் கடிகாரம் மூன்று இருபது காட்டியது. நான்கு மணிக்கு மதிப்பெண் பதிவேற்றம் மூடிவிடும். அதற்குப் பிறகு எந்த எண்ணையும் யாராலும் மாற்ற முடியாது.

நாற்பத்தொன்று, கடைசி வாய்ப்புக் கட்டு. படிப்புக் காலம் முடிந்து, கூடுதல் ஆண்டுகளும் முடிந்து, இதோடு கதவு மூடப்படும் மாணவர்களின் விடைத்தாள்கள். அவற்றுக்கு மறுமதிப்பீடும் கிடையாது. பெயர் இல்லை, ஊர் இல்லை, அடையாளத்தை மறைக்கப் பேப்பருக்கு ஒரு போலி எண் மட்டும். அந்த ஒரு பேப்பரின் மொத்தம் இருபத்திரண்டு. தேர்ச்சிக்கு முப்பது வேண்டும். பதினேழு-ஆ கேள்விக்குப் பத்து மதிப்பெண். அதற்கு அவள் பூஜ்யம் போட்டிருந்தாள்.

காலை பதினொரு மணிக்குப் போட்டாள். விடைக்குறிப்பு சொன்னபடி போட்டாள்.

மதியம் சாப்பாட்டு வேளையில்தான் அது அவளை உறுத்தியது. மற்ற எல்லோரும் கும்பலாக, ஒருவர் டப்பாவில் ஒருவர் கைவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புவனேஸ்வரி ஹாலுக்கு வெளியே படியில் உட்கார்ந்து தயிர்சாதத்தைத் தனியாகப் பிசைந்தாள். அவள் கணவன் ஜெயக்குமாரும் கணக்கு வாத்தியார்தான். இருந்தவரை, சாப்பாட்டுத் தட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து சமன்பாடுகளுக்காகச் சண்டை போட்டார்கள். அவர் போய் இரண்டு வருடம். பெரிய காஞ்சிபுரத்து மாடி வீட்டில் இப்போது அவள் என்ன எழுதினாலும் அது சரிதான். தப்பு என்று சொல்ல எதிரே ஆள் இல்லை.

அந்த மாணவரோ மாணவியோ, யாரோ எழுதிய கடைசி வரி மண்டைக்குள் நின்றது. "மூன்று முறை சரிபார்த்தேன். கேட்க யாரும் இல்லை. எனக்கு இதுதான் வருகிறது."

பாதிச் சாதத்தோடு டப்பாவை மூடிவிட்டு, தரையில் விரலாலேயே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். ஒரு தரம். இன்னொரு தரம். பிறகு இரண்டாவது அமர்வு தொடங்கி, முதன்மைத் தேர்வாளரைத் தேடி, அவர் வேறு ஹாலில் இருக்க, அலைந்து திரும்பியபோது மணி மூன்று இருபது.

"என்னக்கா ஓட்டப் பந்தயம்?" பக்கத்து நாற்காலி அம்சா எழுந்து வந்தாள். ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிற இளைய விரிவுரையாளர். வாய் சும்மா இருக்காது. "பேப்பர்ல பணம் ஏதும் வச்சிருந்தாங்களா?"

பின்னாலேயே முதன்மைத் தேர்வாளர் தேவசகாயம் வந்தார். மதிப்பெண்ணைத் திருத்தும் பச்சை மைப் பேனா அவர் சட்டைப் பையில். அவருக்கும் பின்னால் மைய அலுவலர் ஆதிகேசவன், வரலாற்றுத் துறை. இந்த ஹாலில் அவர் சொன்னால்தான் கயிறு அவிழும்.

"புவனா மேடம், ரூல் தெரியாதா உங்களுக்கு?" என்றார் தேவசகாயம்.

"கேள்வியே தப்பு சார். பதினேழு-ஆ."

அவர் வினாத்தாளை எடுத்துப் படித்தார். வினா இதுதான்: ஒரு அளவு y, நேரத்தோடு மாறுகிறது. அதன் மாறும் வேகம் எப்போதும் 2√y. தொடக்கத்தில் y பூஜ்யம். லிப்ஷிட்ஸ் நிபந்தனையைப் பயன்படுத்தி, இதற்கு ஒரே ஒரு தீர்வுதான் உண்டு என நிறுவுக.

தேவசகாயத்தின் முகம் மெல்ல மாறியது. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். "ஐயய்யோ" என்றார்.

"யாராவது எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்கப்பா," என்றார் ஆதிகேசவன். "நானு ஹிஸ்டரி. அக்பர் பொறந்த வருஷம் கேளு, சொல்றேன்."

புவனேஸ்வரி ஒரு வெற்றுத் தாளை இழுத்தாள்.

"சார், உள்ளே ஒரு எண் போடறோம், வெளியே ஒரு எண் வருது. உள்ளே போட்டதைக் கொஞ்சம் மாத்தினா, வெளியே எவ்வளவு மாறும்? மாறட்டும். ஆனா உள்ளே மாறினதைப் போல இத்தனை மடங்குக்கு மேல மாறக்கூடாது. அந்த மடங்கு ஒரே எண்ணா எல்லா இடத்துக்கும் பொருந்தணும். அதான் நிபந்தனை."

"உதாரணம்?"

"மூணால பெருக்கி ரெண்டு கூட்டுங்க. ஒண்ணு போட்டா அஞ்சு. ரெண்டு போட்டா எட்டு. உள்ளே ஒண்ணு மாறிச்சு, வெளியே மூணு மாறிச்சு. பத்தும் பத்தேகாலும் போடுங்க. உள்ளே கால், வெளியே முக்கால். எங்க போனாலும் மூணு மடங்குதான். தாண்டவே தாண்டாது."

"சரி. நல்ல புள்ளை."

"இப்போ வர்க்கமூலம். பூஜ்யத்துக்குப் பூஜ்யம். நூத்துல ஒண்ணுக்குப் பத்துல ஒண்ணு. எத்தனை மடங்கு?"

ஆதிகேசவன் விரல் மடித்தார். "பத்து."

"பத்தாயிரத்துல ஒண்ணு போடுங்க. வர்க்கமூலம் நூத்துல ஒண்ணு. இப்போ நூறு மடங்கு. இன்னும் பூஜ்யத்துக்குப் பக்கத்துல போனா ஆயிரம் மடங்கு. நீங்க எந்த எண்ணைச் சொன்னாலும், அதைத் தோற்கடிக்க நான் பூஜ்யத்துக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட போனா போதும்."

"அப்போ இது நிபந்தனைக்கு அடங்காத கழுதை."

"பூஜ்யத்துல மட்டும். ஒண்ணுலேர்ந்து மேல எடுத்தா அடங்கிடும், பாதி மடங்கைத் தாண்டாது."

தேவசகாயம் குறுக்கிட்டார். "ஒண்ணு சொல்றேன் மேடம். நிபந்தனை உடைஞ்சா மட்டும் தீர்வு ரெண்டாயிடாது. உடைஞ்சும் ஒரே தீர்வு இருக்கிற கேஸ் உண்டு."

"தெரியும் சார். இந்தப் புள்ளைக்கும் தெரிஞ்சிருக்குது. அதனாலதான் ரெண்டாவது தீர்வையே எழுதிக் காட்டியிருக்குது. பூஜ்யமாவே கிடந்தா ஒரு தீர்வு. நேரத்தோட வர்க்கமா வளர்ந்தா இன்னொண்ணு: t வர்க்கத்தோட வேகம் 2t, அதோட வர்க்கமூலத்தை ரெண்டால பெருக்கினாலும் 2t. பொருந்துது. அப்புறம் ஒரு படம் போட்டிருக்குது சார்..."

அவள் தாளில் வரைந்தாள். தரையோடு ஒட்டிய கோடு, நெடுந்தூரம் அப்படியே போய், ஓரிடத்தில் மெல்ல எழும்பி வளைந்து மேலே ஏறியது.

"இதுவும் தீர்வுதான். எவ்வளவு நேரம் வேணும்னாலும் பூஜ்யத்துல கிடக்கலாம். எப்போ வேணும்னாலும் எழுந்திருக்கலாம். எப்போன்னு சமன்பாடு சொல்லாது."

சொல்லிவிட்டு அவள் அந்தப் படுத்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேவேந்திரன் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார்.

"மத்தவங்கெல்லாம்?" என்றார் ஆதிகேசவன்.

"மனப்பாடம் பண்ணதை எழுதியிருக்காங்க. ஒரே தீர்வுன்னு 'நிறுவி'யிருக்காங்க. நானும் எட்டு, ஒன்பதுன்னு போட்டுக்கினே போனேன். சரியா எழுதின ஒரே பேப்பருக்குப் பூஜ்யம்."

அம்சா கைபேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்தவள் தலை தூக்கினாள். "கண்டுபிடிச்சிட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி இதே கேள்வி வந்திருக்கு. அதுல y தொடங்கறது ஒண்ணுல. கேள்வி சரி, நிரூபணமும் சரி. இந்த வருஷம் வினாத்தாள் எடுத்த புண்ணியவான், பழைய கேள்வி அப்படியே திரும்ப வந்தா திருப்பி அனுப்பிடுவாங்கன்னு ஒண்ணை அழிச்சிட்டுப் பூஜ்யம் போட்டிருக்கான். கணக்கும் சுலபம், கேள்வியும் புதுசு! விடைக்குறிப்பு மட்டும் பழசு. மூளையைக் கழட்டிக் கொடியில காயப்போட்டுட்டு எழுதினானா?"

"அம்சா," என்றாள் புவனேஸ்வரி.

"இல்லக்கா, ஒரு தடவை போட்டுப் பாத்திருக்க மாட்டானா? பக்கத்துல யார்கிட்டயாவது காட்டியிருக்கலாமே!"

"காட்டக்கூடாது. ரகசியக் காப்பு. வீட்டு ஆளுக்குக்கூடச் சொல்லக்கூடாது."

"அதுவும் சரிதான்."

மூன்று நாற்பது. ஆதிகேசவன் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டார். "சரிங்க... ஆமாங்க... புரியுதுங்க" என்று நான்கு தரம் சொல்லி வைத்தார்.

"வழி இருக்குது, ஆனா இல்லை," என்றார். "விடைக்குறிப்பை மாத்தறதுக்கு ரெண்டு வழி. பாடக்குழு கூடி முடிவெடுக்கணும். பதினஞ்சு நாள் ஆகும். இல்லேன்னா, வினாத்தாள் எடுத்தவரே தப்புன்னு எழுதிக் குடுக்கணும். குடுத்தா உடனே, அந்தக் கேள்விக்கு விடை எழுதின எல்லாருக்கும் முழு மதிப்பெண்."

"அவர் யாரு?" என்றார் தேவசகாயம்.

"சீல் வச்ச உறையில பேர் இருக்குது. பிரிக்க மாட்டாங்களாம். கன்னியாகுமரியோ, கடலூரோ, எந்த ஊர்ல காப்பி குடிச்சிக்கினு இருக்காரோ. கண்டுபிடிச்சாலும் எழுதுவாரா? எழுதினா அஞ்சு வருஷம் தேர்வு வேலையிலேர்ந்து பேரை எடுத்துடுவாங்க. விசாரணை. எல்லாக் காலேஜுக்கும் சுற்றறிக்கை. எவன் வந்து தலையைக் குடுப்பான்?"

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கணக்குல உங்க பக்கம்தான் நியாயம் மேடம். ஆனா நானே பச்சை மையில எட்டு போட்டா, குறிப்புக்கு விரோதம்னு கம்ப்யூட்டர்லயே நிறுத்திடுவாங்க. விடுங்க. எத்தனையோ பேர் ஃபெயில் ஆகறாங்க."

"தெரியாம ஃபெயில் ஆகறது வேற சார்."

"யாரு என்னன்னுகூட நமக்குத் தெரியாதும்மா. வெறும் நம்பர்."

"கேட்க யாரும் இல்லைன்னு எழுதியிருக்குது."

ஹாலில் மற்றவர்கள் பை எடுத்துக் கிளம்பத் தொடங்கினார்கள். நாற்காலிகள் இழுபட்டன. வாலாஜாபாத் பஸ்ஸைப் பிடிக்க இரண்டு பேர் ஓடினார்கள். தேவேந்திரன் தயங்கித் தயங்கித் தீப்பெட்டியைக் கையில் எடுத்தார்.

மூன்று ஐம்பது.

"அக்கா, வா போகலாம். உன்னால என்ன பண்ண முடியும்?" அம்சா தோளைத் தொட்டாள்.

புவனேஸ்வரி உட்கார்ந்தாள். இன்னொரு வெற்றுத் தாளை எடுத்து, நீல மைப் பேனாவைத் திறந்தாள். நிதானமாக எழுதினாள். ஆறு வரி. தேதி போட்டாள். மடிக்காமல் ஆதிகேசவனிடம் நீட்டினாள்.

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நின்றார். தாளைத் தேவசகாயத்திடம் கொடுத்தார். அம்சா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்; அவள் கை தானாக வாயை மூடிக்கொண்டது.

"...பதினேழு-ஆ வினாவில் தொடக்க மதிப்பை ஒன்றிலிருந்து பூஜ்யமாக மாற்றியது பிழை. அந்தப் பிழை என்னுடையது. அவ்வினாவுக்கு விடை எழுதிய அனைவருக்கும் முழு மதிப்பெண் வழங்கக் கோருகிறேன்.

இப்படிக்கு,
ஜெ. புவனேஸ்வரி,
வினாத்தாள் அமைத்தவர்."