பத்து வினாடித் திருத்தம்

காலை பதினொன்றரைக்கு மகேந்திரன் போன் செய்தபோது, ஈப்போவில் அந்தச் சின்ன வானொலி நிலையத்துக்கு இன்னும் முக்கால் மணி நேர ஆயுள் இருந்தது. பன்னிரண்டு மணிச் செய்திதான் கடைசிச் செய்தி. அது முடிந்ததும் நிலையத் தலைவரின் பதிவு செய்த நன்றியுரை, பிறகு தேசிய கீதம். பன்னிரண்டே காலுக்கு அலைபரப்பியை அணைத்துவிட வேண்டும், உரிமத்தைத் திருப்பிக் கொடுத்த கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

"அக்கா, அப்பா போயிட்டாரு. ராமையா. கிளென்ஹோம் தோட்டத்துல இருந்தவரு. இன்னிக்கே எடுக்கிறோம்."

சாந்தினி குறித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருடமாக அவள்தான் மரண அறிவிப்புகளை எழுதி வாசிக்கிறாள். செய்தியின் கடைசி இரண்டு நிமிடம் அவற்றுக்குத்தான். விலைவாசியையும் அமைச்சரையும் யாரும் கேட்பதில்லை. தோட்டங்கள் விற்கப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, அடுக்குமாடிக்கும் தாமான் என்ற புதுக் குடியிருப்புகளுக்கும் சிதறிப்போனவர்கள், தங்கள் பக்கத்தில் யார் செத்தார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த நிலையத்தைப் போட்டார்கள்.

"வாசிச்சிடுவீங்கல்லக்கா? எங்க அத்தைக்குச் சேரணும். இருளாயி. பதினோரு வருஷமாப் பேச்சு வார்த்த இல்ல. பத்து காஜா ஊர்ப் பக்கம்னு தெரியும், வீடு தெரியாது. போன் நம்பரும் இல்ல. ஆனா பன்னண்டு மணி நியூஸ் கேக்கும்னு சொல்றாங்க. அப்பா கடைசியா அதுக்குத்தான் சொல்லச் சொன்னாரு."

"வாசிக்கிறேன் தம்பி. எங்க, எத்தன மணிக்கு?"

"மூணு மணிக்கு வீட்லேருந்து. நாலு மணிக்கு ஈப்போ மின்சுடலையில."

மகேந்திரன் சொன்ன எண்ணுக்கே திரும்பக் கூப்பிட்டு உறுதி செய்துகொண்டாள். அது விதி. உயிரோடு இருப்பவனைச் சாகடித்து வாசித்த நிலையங்கள் உண்டு.

தோட்டத்துக்கு ஒரு கோப்பு என்று கணினியில் வைத்திருந்தாள். பழைய அறிவிப்பைத் திறந்து, பெயரையும் வயதையும் நேரத்தையும் மாற்றி அச்சடிப்பாள். அன்றும் அப்படித்தான் செய்தாள். வெளியே நிர்வாகி கோகிலன் கேக் பெட்டியோடு ஆட்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான். கண்ணாடியைத் தட்டி, "அக்கா, அழுதிடாதீங்கலா, லைவ்ல போயிரும்" என்றான்.

"நீ கேக்க வெட்டு. எனக்கு வேல இருக்கு."

பன்னிரண்டு அடித்தது. முகப்பு இசை தணிய, ஒலிவாங்கியைத் திறந்து மூடும் நெம்பை மேலே தள்ளினாள். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. தாள்களைக் குண்டூசியால் குத்துவதில்லை. ஒரு பக்கம் முடிந்ததும் சத்தம் வராமல் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். ஹெட்போனில் அவள் குரல் மேசையிலிருந்து நேராக வரவில்லை. அலைபரப்பி அனுப்பியதை ஒரு ரேடியோ பிடித்துத் திருப்பிக் கொடுத்தது. வெளியே போகிறதா என்று தெரிந்துகொள்ள அதுதான் வழி.

தலைப்புச் செய்தி, வெள்ளம், கட்டிப்பால் விலை, வானிலை. பிறகு மரண அறிவிப்பு. மூன்று பேர். ராமையா மூன்றாவது.

"...செமோர், கிளென்ஹோம் தோட்டத்தைச் சேர்ந்த அமரர் ராமையா அவர்கள். இறுதிச் சடங்குகள் இல்லத்தில் நடைபெற்று, பிற்பகல் மூன்று மணிக்கு நல்லுடல் புறப்பட்டு, நான்கு மணிக்குக் கிளென்ஹோம் தோட்டத்து மயானத்தில் தகனம் செய்யப்படும்."

பன்னிரண்டு பதினொன்றுக்கு நெம்பை இறக்கினாள். ஒரு வினாடிகூடப் பிசகவில்லை. கணினி தலைவரின் உரையை ஆரம்பித்தது. கோகிலன் கை தட்டினான்.

மேசை போன் மணியடிக்காமல் விளக்கை மட்டும் மினுக்கியது. எடுத்தாள். மகேந்திரன்.

"அக்கா, மயானத்த மாத்தி வாசிச்சிட்டீங்க. தோட்டத்து மயானம் இப்ப இல்லயே. ஹவுசிங்காரன் ஜிங் தகரம் போட்டு அடைச்சு மூணு வருஷமாச்சு."

தாளைப் பார்த்தாள். பழைய கோப்பின் கடைசி வரி அப்படியே இருந்தது.

அந்த நிலையத்தில் தவறு நேர்ந்தால் திருத்தம் அடுத்த செய்தியில் வாசிக்கப்படும். அடுத்த செய்தி இல்லை.

கடிகாரம் 12:12:20 காட்டியது. கண்ணாடிக்கு வெளியே இருப்பவர்களோடு பேசும் பட்டனை அழுத்தினாள். "கோகிலா, ஒரு திருத்தம் இருக்கு. உரையக் குறுக்க வெட்டறேன்."

"வேணாங்க்கா. தலைவரு வீட்ல குடும்பத்தோட கேட்டுட்டு இருக்காரு. முடியட்டும், அப்பறம் சொல்லுங்க."

முடியட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். அது அவள் குற்றம், கோகிலன் மேல் போடுவதற்கில்லை. விரல் நெம்பின் மேல்தான் இருந்தது. உரை முடிந்த நொடியே கணினி கீதத்தைத் தொடுத்துவிட்டது, நடுவே மூச்சு விடும் இடம்கூட இல்லை. வெளியே எல்லோரும் எழுந்து நின்றார்கள். கீதத்தின் மேல் பேசக்கூடாது. அவளும் எழுந்து நின்றாள்.

நின்றபடியே அலைபரப்பி இருக்கும் குன்றுக்கு, பொறியாளர் தௌஃபிக்கைக் கூப்பிட்டாள். "தம்பி, ஒரு நிமிஷம் தள்ளி ஆஃப் பண்ணு."

"முடியாதுக்கா. பக்கத்துல லைசென்ஸ் ஆபீசர் நிக்கிறாரு. வாட்சையே பாத்துட்டு இருக்காரு."

12:14:50. கீதம் முடிந்தது. நெம்பைத் தள்ளினாள்.

"சற்று முன் வாசிக்கப்பட்ட மரண அறிவிப்பில் ஒரு திருத்தம். செமோர், கிளென்ஹோம் தோட்டத்தைச் சேர்ந்த அமரர் ராமையா அவர்களின் நல்லுடல்..."

ஹெட்போனில் குரல் அறுந்து இரைச்சல் வந்தது. பத்து வினாடியை முன்னுரைக்கே செலவழித்திருந்தாள். 'ராமையா, ஈப்போ மின்சுடலை' என்றிருந்தால் மூன்று வினாடி. இருபத்திரண்டு வருடப் பழக்கம் வாயை அப்படித்தான் திறந்தது.

கோகிலன் நிலையத்தின் பேஸ்புக்கில் போட்டான். மகேந்திரன் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அதெல்லாம் போன் இருப்பவர்களுக்கு. சாந்தினி கேக்கைத் தொடாமல் காரை எடுத்தாள். கேட்டவர்கள் யாரென்று வானொலிக்காரிக்குத் தெரியாது. அவர்கள் எங்கே வருவார்கள் என்பது மட்டும் தெரியும்.

மயானம் இருந்த இடத்தைச் சுற்றிப் பச்சைத் தகரம் அடித்திருந்தார்கள். உள்ளே செம்மண் மேடு, இரண்டு புல்டோசர். நிழலுக்கு ஒரு ரப்பர் மரமும் இல்லை. இரண்டரையிலிருந்து நின்றாள். மோட்டார் சைக்கிளில் இரண்டு கிழவர்கள் வந்தார்கள், மின்சுடலைக்கு அனுப்பினாள். சிம்பாங் பூலாயிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. "என்னம்மா, இப்படியா வாசிப்பீங்க?" என்று ஏசிவிட்டுப் போனது. நாலு மணிக்கு யாருமில்லை. மகேந்திரனைக் கூப்பிட்டாள்.

"அத்த வரலக்கா. காமணி நேரம் கெஞ்சி வாங்கியிருக்கேன். அஞ்சு மணிக்கு அடுத்த ஆளு."

நாலு பத்துக்கு ஒரு டாக்சி தட்டுத் தடுமாறி வந்தது. வெள்ளைப் புடவையில் ஒல்லியான கிழவி, மடியில் பையில் கட்டிய மாலை. பத்து காஜாவிலிருந்து ஈப்போவைத் தாண்டித்தான் வந்திருந்தாள். பழைய தோட்டத்து ரோடு இல்லாததால் தாமானுக்குள் அரை மணி நேரம் சுற்றியிருக்கிறார்கள்.

"இருளாயி அம்மாவா?"

"ஆமா. எங்க யாரையும் காணோம்?"

சாந்தினி நடந்ததைச் சொன்னாள். கிழவி தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தன் காரின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு சாந்தினி பறந்தாள். வழியில் மகேந்திரனுக்கு நான்கு முறை அடித்தாள், அவன் எடுக்கவில்லை. மின்சுடலை வாசலில் நிறுத்தியபோது நாலு முப்பத்தெட்டு. தகனம் முடிந்து ஆண்கள் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். மகேந்திரன் ஈர வேட்டியோடு காரை நோக்கி வந்தான், பாதி வழியில் நின்றுவிட்டான்.

இருளாயி இறங்கவில்லை.

"நீதானா வாசிச்சது? கொரலு தெரியுது."

"ஆமாம்மா. தப்பு என்னோடது. மாத்தறதுக்குள்ள அணைச்சிட்டாங்க."

"நாளைக்கி வாசிப்பியா?"

"நாளைக்கி ஸ்டேசன் இல்லம்மா."

கிழவி மாலையை மடியிலிருந்து எடுத்து முன்சீட்டில் வைத்தாள். "எறங்கி என்னா செய்ய? பத்து காஜாவுக்கு பஸ் எங்க நிக்கும்?"

"நான் கொண்டுபோய் விடுறேன்."

"வேணாம். பஸ் எங்கன்னு மட்டும் சரியாச் சொல்லு."