மூன்றாம் கேள்விக்கான பதில்

பெரம்பலூர் கோழித்தீவன ஆலையில், லாரியில் வந்திறங்கும் சோளத்தின் தரம் பார்க்க ஒரே ஒரு ஆள் வேண்டும். நேர்காணலுக்குத் தேர்வானவர்கள் ஐந்து பேர். செந்துறையிலிருந்தும் ஆண்டிமடத்திலிருந்தும் பஸ் ஏறி வந்தால் ஒரு நாள் வேலை கெடும் என்று, ஆலையில் ஆள் எடுக்கும் பொறுப்பிலிருந்த அம்பிகா எல்லோரையும் வீடியோவிலேயே பார்த்துவிட ஏற்பாடு செய்தாள். எல்லோருக்கும் ஒரே ஐந்து கேள்விகள், ஒரே வரிசை, ஆளுக்கு இருபது நிமிஷம். ஒருவர் முடிந்ததும் மார்க்கைப் போட்டுவிட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். இதில் அவள் படு கறார்.

செவ்வாய்க்கிழமை செந்துறையில் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் இருக்காது என்று ஜோதி என்ற பெண் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். சிக்னலும் போய்விடுமாம். அவளுக்கு மட்டும் வியாழனைக் கொடுத்தாள் அம்பிகா. கரண்ட் போவதற்கு ஒருத்தியைத் தண்டிக்க முடியுமா? செவ்வாயன்று மற்ற நால்வரையும் பார்த்து முடித்தாள்.

வியாழன் காலை ஜோதி திரையில் வந்தாள். சோளம் வாங்கி விற்கும் மண்டி ஒன்றில் நான்கு வருஷமாக வேலை. மாதக் கடைசியில் அதை மூடுகிறார்கள், அதற்குள் இந்த வேலை கிடைத்தாக வேண்டும் என்று மறைக்காமல் சொன்னாள். அதுவரை கண்கள் கேமராவில்தான் இருந்தன.

இரண்டாவது கேள்வியில் அவை நகர்ந்தன. லாரியில் மாதிரி எடுப்பது எப்படி என்று கேட்டதும் பார்வை வலது ஓரத்துக்குப் போய், இடமிருந்து வலமாக ஊர்ந்து, மறுபடி தொடக்கத்துக்குத் தாவியது. பேச்சும் சட்டென்று பாடப்புத்தகமாகிவிட்டது. வெறுமனே யோசிப்பவர்களின் கண்ணும் அலையும். ஆனால் இப்படி வரி பிடித்து அலையாது. அம்பிகா அதைக் குறித்துக்கொண்டாள்.

பக்கத்தில் இருந்த தரப்பிரிவு மேலாளர் குருமூர்த்திக்குப் பொறுமை என்பதே கிடையாது. வரிசையாவது ஒன்றாவது என்று ஐந்தாவது கேள்விக்குத் தாவினார்.

"லோடு அவசரம், பாக்காம இறக்குன்னு நானே சொல்றேன். என்ன பண்ணுவீங்க?"

"கருப்பாகவோ பச்சையாகவோ படிந்திருக்கும். மக்கிய வாடை அடிக்கும்" என்றாள் ஜோதி.

அது பூஞ்சணத்தைப் பற்றிய மூன்றாம் கேள்விக்கான பதில். தன்னைத்தான் சொல்கிறாளோ என்று குருமூர்த்தி ஒரு கணம் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"கேள்வியே அந்தப் பொண்ணு கையில இருக்கும்மா! கட் பண்ணுங்க."

அம்பிகா கட் செய்யவில்லை. "ஜோதி, எதையாவது பாத்துப் படிக்கிறீங்களா?"

ஜோதி மெல்ல ஒரு தாளைத் தூக்கிக் காட்டினாள். "செவ்வாக்கிழம பேசுனவங்க யாரோ, வேலை தேடுறவங்க வாட்ஸப் குரூப்ல கேள்விய போட்டுட்டாங்க மேடம். பயத்துல எழுதி வச்சிக்கிட்டேன். தப்புதான்."

இரண்டு நாள் இடைவெளி விட்டு அதே கேள்விகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது யார்? அம்பிகாவுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"தாளைக் கவுத்து வைங்க. ஒரு லோடுல ஈரம் பதினாறு சதவீதம் காட்டுது, அளவுக்கு மேலன்னு திருப்பி அனுப்புறீங்க. டிரைவர் சண்டைக்கு வரார். என்ன செய்வீங்க?"

ஜோதி நேராகப் பார்த்தாள். "சண்ட போடமாட்டேன் மேடம். அவரையே எடம் காட்டச் சொல்லி, அவரு கண்ணு முன்னாடியே குத்தூசி விட்டு நாலு மூட்டையில மாதிரி எடுப்பேன். ஈரம் பாக்குற மீட்டர அவரு கையிலயே குடுத்துருவேன். அப்பவும் கத்துனா, ரெண்டு சோளத்தக் கடிச்சுப் பாருங்கண்ணேன்னுவேன். ஈரஞ்சோளம் பல்லுல நசுங்கும், உடையாது. அதுக்கப்புறம் யாரும் கத்துனதில்ல."

குருமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். அழைப்பு முடிந்ததும், "இந்தப் பொண்ணையே எடுத்துருங்கம்மா" என்றார்.

"மத்த நாலு பேர்ட்ட இந்தக் கேள்விய கேக்கலியே சார்."

"உங்க ஞாயத்த வச்சிக்கிட்டு..." என்று முணுமுணுத்தபடி எழுந்து போனார்.

சனிக்கிழமை ஐந்து பேரையும் மறுபடி அழைத்தாள். செந்துறையில் கரண்ட் இருக்கிறதா என்று முதலிலேயே விசாரித்துக்கொண்டாள். புதுக் கேள்விகள், ஒரே காலையில், இடைவெளி விடாமல். எல்லோரும் மேஜையைக் கேமராவில் காட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். குருமூர்த்தி வரிசையைத் தாண்டவில்லை. இருவரும் தனித்தனியே மார்க் போட்டுக் கூட்டினார்கள். ஆண்டிமடத்து மணிமாறன் நாற்பத்து மூன்று, ஜோதி நாற்பத்திரண்டு. இரண்டு முறை கூட்டியும் அதேதான் வந்தது.

கிடைக்காதவர்களுக்கு மெயில் அனுப்புவதுதான் வழக்கம். ஜோதிக்கு மட்டும் அம்பிகா போன் செய்தாள்.

"தாள் வச்சிருந்ததாலயா மேடம்?"

"இல்லம்மா. அதுக்கு மார்க் எதுவும் குறைக்கல. நீங்க நல்லாத்தான் சொன்னீங்க. வேலை கிடைச்சவரு உங்களவிட ஒரு மார்க் கூட."

ஜோதி அந்த ஒரு மார்க்கைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

"அன்னிக்கே கட் பண்ணிருக்கலாம் மேடம். ஏமாத்துனேன், போச்சுன்னு மனசு ஆறிருக்கும். இப்ப நல்லா சொல்லியும்ல போச்சு."

அம்பிகா மார்க் தாளை எடுத்து மூன்றாவது முறையும் கூட்டிப் பார்த்தாள்.