பட்டறையை மூடிய விதம்

“அப்பா, உங்கள ஏன் யாருமே வேலைக்குக் கூப்பிட மாட்டேங்கறாங்க?”

கடையை மூடிவிட்டு வேலை தேடிய அப்பாவிடம் அவள் சிறுமியாக இருந்தபோது கேட்டது. அவர் காலமான பிறகும், அலுவலகத்தில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்த அவள் விண்ணப்பங்களைப் புரட்டும்போதெல்லாம் அந்தக் கேள்வி தோளருகே வந்து நின்றது.

இன்று உற்பத்தி மேற்பார்வையாளர் வேலைக்கு மரச்சாமான் பட்டறை நடத்தியவர் ஒருவர் விண்ணப்பித்திருந்தார். ‘உரிமையாளர், பதினான்கு ஆண்டுகள்’ என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை.

“முதலாளியா இருந்தவரு நம்ம பேச்சைக் கேப்பாராக்கும்! ஓரமா வைங்க மேடம்,” என்று சிரித்துவிட்டு உற்பத்தி மேலாளர் சாப்பிடக் கிளம்பினார்.

அவள் பட்டறைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தாள். “சார், பட்டறையை எப்படி மூடினீங்க?”

“அதை எழுதினா யாரும்மா வேலை தருவாங்க? கையில இருந்த ஆர்டரையெல்லாம் தேதி தவறாம முடிச்சேன். ஆறு ஆளுங்களுக்கும் வேற இடம் பாத்துக் குடுத்துட்டுத்தான் ஷட்டரை இறக்கினேன். வேணும்னா அவங்களையே கேளுங்க.”

அவரிடம் எண்களை வாங்கி, ஒரு வாடிக்கையாளரிடமும் பழைய தச்சர் ஒருவரிடமும் விசாரித்தாள். இருவரும் அதையே சொன்னார்கள். குறிப்பில் எழுதினாள்: ‘உற்பத்தித் திட்டமிடல், ஆட்களை நடத்துதல், நெருக்கடியிலும் கெடு தவறாமை. விசாரித்து உறுதி செய்தேன். நேர்காணலுக்கு அழைக்கலாம்.’

அதை மேலாளருக்கு அனுப்பியபோது அறையில் யாரும் இல்லை. அன்று அப்பாவிடம் யாரும் கேட்காததை இன்று இவரிடம் கேட்டதில், அப்பாவுக்குப் பட்ட கடனில் கொஞ்சம் தீர்ந்தது. அது கடவுளுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.