சிரித்த சிப்பாய்

“மூணு நாளா எம் பொண்ணு ஸ்கூலுக்கு வரல. ஏன்னு யாராவது கேட்டீங்களா?”

அருளானந்தம் நாற்காலியில் உட்காராமலே பேசினார். பக்கத்தில் அவர் மகள் பிரிஸ்கில்லா, எட்டாம் வகுப்பு, தலையைக் குனிந்து நின்றிருந்தாள். தலைமையாசிரியை அமிர்தவல்லி, எதிரே நின்ற சமூக அறிவியல் ஆசிரியை கனீஸ் பாத்திமாவைப் பார்த்தார்.

“எங்க தாத்தா பிரெஞ்சுக்காரன் போலீஸ்ல சிப்பாய். இவ அத கிளாஸ்ல பெருமையா சொல்லியிருக்கா. இப்ப பசங்க எல்லாம் ‘சிரிச்சிக்கிட்டே சுட்டவரு வூட்டுப் பொண்ணு’ன்னு கூப்புடுறாங்க. அந்தக் கதைய சொன்னது நீங்கதான?”

கனீஸ் ஆமென்று தலையசைத்தாள். சொன்னது அவள்தான்.

1936 ஜூலை 30. புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். பாடத்தில் அது மூன்றே வரி; பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அதனால் வேலாயி என்றொரு நூற்பாலைப் பெண்ணைக் கற்பனையில் உண்டாக்கி, வேலைநிறுத்தத்தை அவள் கண் வழியாகச் சொன்னாள். வேலாயி கற்பனை என்று முதலிலேயே சொல்லியும் இருந்தாள். ஆனால் நடுவில் பின்வரிசை சலசலத்தபோது, எதிரில் நின்ற சிப்பாய் சிரித்துக்கொண்டே விசையை அழுத்தினான் என்று வாயில் வந்துவிட்டது. வகுப்பு கப்சிப் என்றானது. அந்த நிசப்தம் அவளுக்குப் பிடித்திருந்தது.

“இனிமே கதையெல்லாம் வேணாம் பாத்திமா. புக்ல இருக்கறத நடத்துங்க, கேள்வி பதில் எழுத வைங்க, போதும்” என்றார் அமிர்தவல்லி.

“ஒரே ஒரு பீரியட் குடுங்க மேடம். சாரும் நீங்களும் வந்து உக்காருங்க. அப்புறம் நீங்க சொல்றபடி செய்றேன்.”

மூன்றாம் பீரியட். அருளானந்தம் கடைசி பெஞ்சில், கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கனீஸ் தான் சொன்ன கதையை வரிவரியாகக் கரும்பலகையில் எழுதினாள். சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது. பிறகு ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு நகல்கள் கொடுத்தாள். ஒன்று அரசுத் தரப்பு சொன்னது, மற்றது தொழிலாளர் தரப்பு சொன்னது.

“எழுதினது யாரு, எப்ப, யாருக்காக எழுதினாங்கன்னு மொதல்ல பாருங்க. அப்புறம் என் கதைல எந்த வரிக்கு ஆதாரம் இருக்கு, எது நான் சேர்த்ததுன்னு சொல்லுங்க. சேர்த்ததுக்கு மஞ்சள் கோடு.”

தேதிக்கும் பன்னிரண்டு பேருக்கும் ஆதாரம் கிடைத்தது. கல்வீச்சு முதலா, சுட்டது முதலா என்பதில் இரண்டு தாள்களும் முட்டிக்கொண்டன. “ரெண்டையும் எழுதி வைப்போம்” என்றாள் கனீஸ். வேலாயிக்கு மஞ்சள் கோடு விழுந்தது.

ரெக்ஸ் எழுந்தான். அந்தப் பட்டப்பெயரை முதலில் வைத்தவன் அவன்தான் என்று வகுப்புக்கே தெரியும்.

“மிஸ், சிப்பாய் சிரிச்சாருன்னு ரெண்டுலயும் இல்லயே.”

“இல்ல.”

“அப்ப எங்கேந்து சொன்னீங்க?”

“எங்கேந்தும் இல்ல ரெக்ஸ். நீங்க கவனிக்கணும்னு நானே சேர்த்தேன். வேலாயிய கற்பனைன்னு சொன்ன நான் இத சொல்லல. அது தப்பு. அதனால ஒரு பொண்ணு மூணு நாள் வூட்டுல அழுதிருக்கு.” அந்த வரியின் கீழ் அவளே மஞ்சள் கோடு இழுத்தாள்.

“எங்க தாத்தா சுடவே இல்ல” என்றார் அருளானந்தம் பின்னாலிருந்து. “மில்லு கேட்டுல காவலுக்கு நின்னாரு. அதையும் எழுதுங்க.”

எல்லாத் தலைகளும் திரும்பின. ரெக்ஸ் தயங்கிக் கேட்டான். “அத யாரு சொன்னாங்க அங்கிள்?”

“எங்கப்பா.”

“அவருக்கு?”

“தாத்தாதான்.”

“வேற யாராவது சொல்லியிருக்காங்களா?”

அருளானந்தத்தின் முகம் கறுத்தது. அமிர்தவல்லி பாதி எழுந்துவிட்டார். தடுக்கலாமா என்று கனீஸ் வாயெடுப்பதற்குள் பிரிஸ்கில்லா எழுந்தாள்.

“இல்ல. எங்களுக்கு அது மட்டுந்தான் தெரியும்” என்றாள். பிறகு கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். “அப்பா, அவரு சுட்டாரா இல்லையான்னு நமக்கு நெஜமா தெரியாதில்ல?”

வெளியே வராந்தாவில் யாரோ வாளியை இழுத்துப்போனார்கள். அருளானந்தம் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார்.

“தெரியாதும்மா” என்றார் கடைசியில்.

கனீஸ் பலகையின் ஓரத்தில், ‘குடும்பத்தார் சொன்னது: வாயிற்காவல். வேறு ஆதாரம் இன்னும் கிடைக்கவில்லை’ என்று எழுதினாள். பிரிஸ்கில்லா அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். ரெக்ஸ் அவள் பக்கம் சாய்ந்து என்னவோ முணுமுணுத்தான். அவள் நகர்ந்து உட்காரவில்லை.

மணியடித்தது. அருளானந்தம் வாசலில் நின்றார். “எனக்கு இன்னும் கோவம் போவல டீச்சர்” என்றவர், மகளைக் கூட்டிக்கொண்டு போகாமல் தனியாகவே படியிறங்கினார்.

“கதை சொல்லுங்க. ஆனா எது கதைன்னும் சொல்லுங்க” என்றார் அமிர்தவல்லி.

“பி செக்‌ஷன்லயும் இதே கதையத்தான் சொன்னேன் மேடம்” என்றாள் கனீஸ். மீதி நகல்களை அள்ளிக்கொண்டு, அந்த வகுப்பை நோக்கி நடந்தாள்.