ஓட்டாத லாரியை ஓட்டின குமாரவேல்

ராயபுரம் பொன்னுரங்கத்துக்குச் சொத்து என்று இருந்தது ஒரே ஒரு லாரி. யுத்தம் முடிந்த கையோடு பட்டாளத்துக்காரன் ஏலத்தில் தள்ளிவிட்ட வண்டி. அதை எடுப்பதற்காகப் பெண்டாட்டி மங்கம்மாவின் கழுத்தில் தாலியைத் தவிர மற்றதையெல்லாம் கழற்றிவிட்டான். எண்ணூர் உப்பளத்தில் உப்பு ஏற்றி ராயபுரம் கூட்ஸ் ஷெட்டில் இறக்கவேண்டும், அதுதான் பிழைப்பு. அதற்கு முன்னால் இதே உப்பைக் கைவண்டியில் வைத்து இழுத்தவன் அவன். அந்த வண்டியின் நுகம் பதிந்த தழும்பு இன்னும் மாரில் இருக்கிறது. லாரி போனால் மறுபடியும் கைவண்டிதான். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் தினம் ஒரு தபாவாவது நினைத்துக்கொள்வான்.

அப்பேர்ப்பட்ட லாரியைத்தான் ஒரு எருமை நொறுக்கிவிட்டது.

திருவொற்றியூரில், கோவிந்தம்மாவின் ஆப்பக்கடைக்கு நேர் எதிரே, பட்டப்பகலில். எருமை பாட்டுக்கு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. டிரைவர் ஸ்டானிஸ்லாஸ் அதைக் காப்பாற்ற ஸ்டேரிங்கை ஒடித்தான். எருமை பிழைத்தது, லாரி போய்ப் புளியமரத்தில் மோதியது. ரேடியேட்டர் அப்பளமாகி, முன்னச்சு வளைந்து, மூஞ்சி இருந்த இடத்தில் மூஞ்சியே இல்லை. ஸ்டானிஸ்லாஸுக்கு ஒரு கீறல்கூட இல்லை. உப்பு மூட்டை எல்லாம் ரோட்டில் வெடித்துக் கிடந்தது. பெண்கள் முந்தானையிலும், ஆண்கள் துண்டிலும் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த மாசம் திருவொற்றியூரில் யார் வீட்டுக் குழம்பிலும் உப்புக் குறை இல்லை.

பொன்னுரங்கம் ஓடிவந்து பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் தெளிந்தான். ஏனென்றால் லாரிக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. சும்மா பேருக்குப் போடுகிற இன்ஷூரன்ஸ் இல்லை. உப்பு வியாபாரி கட்டாயப்படுத்தினதால் போட்ட பெரிய இன்ஷூரன்ஸ். வண்டி நொறுங்கினால் கம்பெனிக்காரனே ரிப்பேர் பண்ணித் தரவேண்டும்.

"டேய் ஸ்டானிஸ், லைசென்ஸை எடு. கம்பெனில மொதல்ல அதத்தான் கேப்பான்" என்றான்.

ஸ்டானிஸ்லாஸ் பனியனுக்குள் கைவிட்டு லைசென்ஸை எடுத்தான். எடுத்தவன் கொடுக்காமல் நின்றான். ராயபுரத்தில் அவனைப்போல் லாரி ஓட்ட ஆள் கிடையாது, வருஷக்கணக்காய் ஓட்டுகிறான், ஒரு கேஸ் கிடையாது. ஆனால் புதுப்பிக்க மறந்துவிட்டான். தவக்காலம் முடியட்டும் என்று இருந்தான், ஈஸ்டர் வந்தது, அப்புறம் மாதா கோயில் திருவிழா, இப்படியே லைசென்ஸ் தேதி தாண்டி மாசங்கள் ஓடிவிட்டன.

"அடப்பாவி! செத்த லைசென்ஸை வச்சிகினா என் லாரிய ஓட்டிகினு இருந்தே?"

"தப்புதான் நைனா. நேரா கம்பெனில போயி நடந்தத சொல்லிடலாம். நான்தான் ஓட்டுனேன்னு நானே சொல்றேன்."

"சொல்லு, சொல்லு! செத்த லைசென்ஸுக்கு எவன்டா துட்டு குடுப்பான்? கம்பெனிக்காரன் இன்னா உங்க பங்குசாமியா, பாவமன்னிப்பு குடுக்க?"

இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பாலிசி என்ற காகிதம் பொன்னுரங்கத்தின் வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. அதற்கு வெள்ளிக்கிழமை தோறும் கற்பூரம் காட்டினார்களே தவிர, யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லலாம் என்று ஒரு ஜீவனுக்கும் தோன்றவில்லை. இங்கிலீஷில் இருக்கிறதைக் கும்பிடலாம், படிக்கவா முடியும்?

பொன்னுரங்கத்துக்கு மூளை வேலை செய்தது. வேலை செய்யாமல் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். மங்கம்மாவின் தம்பி குமாரவேல் ஞாபகத்துக்கு வந்தான். அவன் ஹார்பரில் ஒரு கப்பல் ஏஜெண்டுக்குக் கார் ஓட்டுகிறவன். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, மடிப்புக் கலையாத ஆள். லாரிச் சக்கரம் எத்தனை என்று கேட்டால் குனிந்து எண்ணிப் பார்த்துத்தான் சொல்லுவான். மறுநாளே பொன்னுரங்கம் அவனை ஆப்பக்கடைக்கு வரவழைத்தான்.

"மச்சான், உன் லைசென்ஸ் உயிரோட கீதா?"

"இப்பத்தான் மாமா புதுப்பிச்சேன். மை கூட காயல."

பொன்னுரங்கம் வாங்கித் தேதியைப் பார்த்தான். ரஷீதும் பார்த்தான், அவன் ஆப்பக்கடைக்குப் பக்கத்தில் பஞ்சர் ஒட்டுகிறவன். கோவிந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, இருந்தாலும் அவளும் பார்த்தாள். தேதி சுத்தமாக இருந்தது. எல்லாருக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி ஆயிற்று.

"கேட்டுக்கோங்க. லாரிய ஓட்டுனது குமாரவேலு. ஸ்டானிஸ் அன்னிக்கி லாரிப் பக்கமே வரல. யாரு வந்து கேட்டாலும் இதான் பேச்சு. பயமுறுத்துவான், பல்லைக் காட்டுவான், 'உங்க மொதலாளியே உண்மைய சொல்லிட்டாரு'ம்பான். நம்பிடாதீங்க. நானே வந்து மாத்திப் பேசுன்னாலும் மாத்தக் கூடாது!"

கோவிந்தம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "வடிவுடையம்மா மேல சத்தியம் நைனா. கழுத்தை அறுத்தாலும் மாத்த மாட்டேன்." கைவண்டி இழுத்த காலத்தில் கடனுக்கு ஆப்பம் போட்டவள் அவள். பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஜனங்கள் இருக்கும்போது நமக்கென்ன குறை என்று நினைத்தான்.

கம்பெனி இன்ஸ்பெக்டர் கருணாகரன் வந்தார். ஒல்லி, குடை, மூக்குக் கண்ணாடி, அதிர்ந்து பேசாத மனுஷன். ராயபுரம் ஒர்க்‌ஷாப்பில் கிடந்த லாரியைச் சுற்றி வந்தார், குனிந்தார், நிமிர்ந்தார், எழுதிக்கொண்டார்.

"சேதமெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஓட்டினது யாரு?"

குமாரவேல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தான். வந்தவன் திறந்த வாயை மூடவில்லை. எருமை எந்தப் பக்கம் வந்தது, எப்படிப் பிரேக்கை மிதித்தேன், நொடியில் எப்படி முடிவெடுத்தேன் என்று அளந்து தள்ளினான். எத்தனையோ தபா ஒத்திகை பார்த்ததில், அந்த எருமையைத் தான்தான் காப்பாற்றினோம் என்று அவனே நம்ப ஆரம்பித்துவிட்டான். ஓரமாய் நின்ற ஸ்டானிஸ்லாஸ் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் லைசென்ஸை வாங்கிப் படித்தார். நிறைய நேரம் படித்தார்.

"பொன்னுரங்கம், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இவருதான் ஓட்டினாரா?"

"என் ரெண்டு கண்ணு மேல சத்தியம் சார்."

"எழுதித் தருவீங்களா?"

"ஜோரா!" பொன்னுரங்கம் கையெழுத்துப் போட்டான். குமாரவேல் இன்னும் ஜோராகப் போட்டான்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "அப்ப பணம் வராதுங்க."

"இன்னா சார் சொல்றே? தேதி கீதே!"

"தேதி இருக்கு. எந்த வண்டிக்கு இருக்கு? இது மோட்டார் கார் ஓட்டற லைசென்ஸ். லாரிக்குத் தனியா வாங்கணும். இவரு லாரிக்கு லைசென்ஸ் வச்சிருக்கலை, எப்பவும் வாங்கினதும் இல்லை. அப்படிப்பட்ட ஆளு ஓட்டினா, வண்டிச் சேதத்துக்குப் பாலிசி பொறுப்பில்லை."

பொன்னுரங்கத்துக்கு லாரி இரண்டாவது தபா புளியமரத்தில் மோதியது. மாரில் இருந்த தழும்பு அரிக்கிற மாதிரி இருந்தது. இனி மறைத்து என்ன? இன்ஸ்பெக்டர் காலில் விழாத குறையாக உண்மையைக் கொட்டினான்: ஓட்டினது ஸ்டானிஸ்லாஸ், அவன் லைசென்ஸ் தேதி முடிந்துவிட்டது, பயத்தில் மச்சானை மாட்டிவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ஸ்டானிஸ்லாஸின் லைசென்ஸைக் கேட்டு வாங்கினார். "இது லாரி லைசென்ஸ்தானே! எப்பவாவது கோர்ட்டுல இதைப் பறிச்சாங்களா? ஓட்டக் கூடாதுன்னு தடை போட்டாங்களா?"

"அய்யோ, இல்ல சார். மறந்துட்டேன், அவ்ளோதான்" என்றான் ஸ்டானிஸ்லாஸ்.

"அடக் கடவுளே! எங்க பாலிசியில என்ன போட்டிருக்குன்னு யாராவது பார்த்தீங்களா? ஓட்டறவனுக்கு லைசென்ஸ் இருக்கணும். இல்லைன்னா முன்னாடி இருந்திருக்கணும், தடை மட்டும் இருக்கக் கூடாது. தேதி முடிஞ்சு ஓட்டினது குத்தந்தான். அதுக்குப் போலீசு பிடிச்சா அபராதம் கட்டணும், அது வேற விவகாரம். ஆனா பணம் வந்திருக்குமய்யா! இவரு ஓட்டினார்னு மொதல்லயே சொல்லியிருந்தா, நானே சிபாரிசு பண்ணியிருப்பேன்."

உண்மையைச் சொல்லியிருந்தால் லாரி வந்திருக்கும். பொன்னுரங்கம் குமாரவேலைப் பார்த்தான். குமாரவேல் தொப்பியைப் பார்த்தான்.

"சார், இப்ப சொல்றேனே சார், உண்மைய!"

"இப்ப எதை நம்பறது? பொய் சொல்லிப் பணம் கேட்டா மொத்தப் பணமும் போச்சுன்னும் பாலிசியில இருக்கு." இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். நல்ல மனுஷன்தான். "சரி. இந்தக் காகிதம் இன்னும் என் கையிலதான் இருக்கு, ஆபீசுக்குப் போகலை. உங்களுக்கு வேண்டாதவங்க, வேண்டியவங்கன்னு இல்லாம, அங்க நின்னு பார்த்த ஒருத்தர் சொல்லட்டும். நீங்க சொல்லிக்கொடுக்காம சொல்லணும். அப்ப ரெண்டையும் எழுதி, ஆபீசுல பேசிப் பாக்கறேன். உறுதி சொல்ல முடியாது."

"நான் சொல்றேனே சார், நான்தான் ஓட்டுனேன்!" என்று குதித்தான் ஸ்டானிஸ்லாஸ்.

"நீ அவருகிட்டச் சம்பளம் வாங்கறவன். உன் பேச்சு மட்டும் எடுபடாது."

பொன்னுரங்கத்துக்கு உயிர் திரும்பியது. பார்த்த ஆளா இல்லை? ஊரே பார்த்தது! ரிக்‌ஷாவை அமர்த்தி இன்ஸ்பெக்டரைத் திருவொற்றியூருக்கு அழைத்துப்போனான். வழியெல்லாம் வடிவுடையம்மனுக்கு வேண்டிக்கொண்டே சைக்கிளில் பின்னால் வந்தான்.

முதலில் ரஷீது. "குமாரவேலு சாப்தான் ஓட்டுனாரு. வெள்ளைத் தொப்பி, நல்லா ஞாபகம் கீது" என்றான். பொன்னுரங்கம் பின்னால் இருந்து கண்ணைக் காட்டினான், இல்லை என்று தலையை ஆட்டினான். அதைச் சபாஷ் என்று எடுத்துக்கொண்ட ரஷீது உற்சாகமாகித் தொப்பி காற்றில் பறந்ததையும் சேர்த்துச் சொன்னான்.

அடுத்தது கோவிந்தம்மா. ஆப்பச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"அம்மா, பயப்படாம சொல்லுங்க. அன்னிக்கு லாரி ஓட்டினது யாரு?"

"குமாரவேலு."

"கோவிந்தம்மா!" பொன்னுரங்கம் பொறுக்க முடியாமல் கத்தினான். "நெசத்தைச் சொல்லு! ஸ்டானிஸ்னு சொல்லு! நான்தானே கேக்கறேன்!"

கோவிந்தம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, வந்த சுவடு தெரியாமல் மறைந்தது. சூடத்தை ஏற்றி உள்ளங்கையில் வைத்தாள்.

"எரியற சூடத்து மேல சொல்றேன் சாமி. ஸ்டானிஸ்லாஸ் அன்னிக்கி இந்தப் பக்கமே வரல. ஓட்டுனது குமாரவேலு. யாரு வந்து மாத்திப் பேசச் சொன்னாலும் எனக்கு ஒரே பேச்சுதான்."

சூடத்தை வாயில் போட்டு அணைத்தாள். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துக் குடையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் ரிக்‌ஷாவில் ஏறினார்.

ரிக்‌ஷா மறைந்ததும் கோவிந்தம்மா பொன்னுரங்கத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கை சுட்டிருந்தது, ஊதிக்கொண்டாள். "இன்னாமா மடக்குறான்யா அந்தாளு! உன்னையே உட்டுக் கேக்க வச்சானே! நான் மாறலை பாத்தியா, நைனா?"

பொன்னுரங்கம் அவளுடைய உள்ளங்கையில் எழும்பியிருந்த கொப்புளத்தைப் பார்த்தான்.

"பாத்தேன், கோவிந்தம்மா. நல்லா சொன்னே" என்றான்.