பட்டன் இல்லாத விளக்கு

சனிக்கிழமை காலை பத்து இருபது. பன்னிரண்டு மணிக்குள் காரைக் கோலாரில் வாங்கிய கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பழைய கார் விற்கும் கடை அது. வாங்கிய ஏழு நாளுக்குள் குறை இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். ஏழாவது நாள் நண்பகலோடு கெடு முடியும். டேவிட் நேற்றே போன் செய்து வருவதாகச் சொல்லிவிட்டான்.

வினோலியா ஓட்டினாள். அவளுக்கு லைசென்ஸ் வந்து ஐந்து வாரம். பக்கத்தில் அவள் கணவன் டேவிட். மடியில் நோட்டு.

டேவிட் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். இருபத்திரண்டு வருடமாக ஒரே சுவரைப் பார்க்கிறான். அந்தச் சுவரில் நூற்று எட்டு சின்ன விளக்குகள். எதுவும் எரியாமல் இருந்தால் எல்லாம் நல்லபடி. ஒன்று எரிந்தால் எங்கேயோ கோளாறு. அதை அமுக்கி, நேரத்தை எழுதி, கோளாறைத் தேடிப் போவான்.

காரிலும் எழுதினான்.

திங்கள் 6.40. ஏசி விளக்கு. அமுக்கியதும் அணைந்தது. மீண்டும் வந்தது.

திங்கள் 6.55. கார் படம், உள்ளே வளைந்த அம்பு. அமுக்கியதும் அணைந்தது. உடனே லாரிப் புகை உள்ளே வந்தது. கசிவு.

செவ்வாய் 6.10. செவ்வகம், நெளிந்த மூன்று அம்பு. பின்கண்ணாடி சூடாக இருக்கிறது. கால் மணியில் தானே அணைந்தது. நம்ப முடியாது.

வியாழன் 6.30. விசிறி போன்ற வடிவம், நெளிந்த மூன்று அம்பு. அமுக்கிப் பார்த்தேன். ஏசி விளக்கும் தானாக எரிந்தது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று.

மொத்தம் ஒன்பது. காரோடு வர வேண்டிய விளக்கப் புத்தகம் வரவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் முந்தைய சொந்தக்காரரின் கல்யாணப் பத்திரிகை ஒன்று இருந்தது.

"ஒன்பதும் அப்படியே படிச்சுடுவேன்," என்றான் டேவிட். "ஒரு வார்த்தை பேச மாட்டாங்க."

"படிங்க."

"இன்னா, கோவமா?"

"கோவம் இல்ல."

கோபம்தான். வினோலியாவுக்குக் கோலாரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. ஆபரேஷன் கருவிகளை ஆட்டோகிளேவில் வேகவைத்துச் சுத்தம் செய்யும் பிரிவு. ஏழு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். வீடு இருக்கும் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து இரண்டு பஸ். எட்டு வருடம் நின்றுகொண்டே போனாள். இந்த ஐந்து நாள் உட்கார்ந்து போனாள். டேவிட்டுக்கு இந்த வாரம் மதிய ஷிப்ட். காலையில் துணைக்கு வந்து பஸ்ஸில் திரும்பினான்.

இதைக் கொடுத்துவிட்டால் இன்னொன்று வாங்க மாட்டார்கள். டேவிட்டை அவளுக்குத் தெரியும். பழைய காரே வேண்டாம் என்பான். புதியது விலை அதிகம் என்பான். அதோடு மறுபடி பஸ்.

"என் ஆட்டோகிளேவ்ல விளக்கு எரியலைன்னாதான் எனக்குப் பயம்," என்றாள்.

"அது குக்கர் மாதிரி. இது வண்டி."

"வண்டின்னா?"

"வண்டில விளக்கு எரிஞ்சா ஃபால்ட். எங்க பேனல்ல ஒண்ணு எரியட்டும், மேனேஜர் ஓடி வருவாரு."

செவ்வாய்க்கிழமை பின்கண்ணாடி சூடாக இருந்தபோது அவளும் பயந்தாள். அதுதான் உண்மை.

பங்காரப்பேட்டை தாண்டியதும் மழை பிடித்தது. அவள் வைப்பரைப் போட்டாள். டேவிட் நடுவிலிருந்த பட்டன்களைப் பார்த்தான். ஏசி விளக்கு எரிந்தது. வளைந்த அம்பும் எரிந்தது.

"மழைல ஷார்ட் ஆவும்," என்றான்.

ஏசியை அமுக்கினான். அணைந்தது. அம்பை அமுக்கினான். அணைந்தது. பிறகு ஓரத்தில் இருந்த ஆஃப் பட்டனையும் அமுக்கினான். விசிறி நின்றது. பட்டன்கள் எல்லாம் இருண்டன.

"இப்பதான் ஹெல்தி," என்றான்.

நோட்டில் எழுதினான். 10.52. எல்லாம் சரி.

சாரல் அடித்ததால் ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டிருந்தார்கள். காலடியில், கிளம்பும்போது தூறலில் நனைந்த குடை. இரண்டு பேர் மூச்சு. முதலில் முன்கண்ணாடியின் ஓரம் வெளுத்தது. பிறகு நடு. அவள் கையால் துடைத்தாள். துடைத்த இடம் மறுபடி வெளுத்தது. முன்னால் போன டெம்போ ஒரு சிவப்புக் கறையாகத் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியல," என்றாள்.

"மெதுவா போ."

"தெரியாம எப்படிங்க மெதுவா போறது?"

ஓரத்தில் புளியமரம் ஒன்றை உத்தேசமாகக் கண்டு அதன் பக்கத்தில் நிறுத்தினாள்.

"இரு, துடைச்சுட்டு வரேன்," என்று டேவிட் இறங்கினான். கைக்குட்டையால் முன்கண்ணாடியை வெளியிலிருந்து அழுத்தித் துடைத்தான். மழை அவன் மேல் அடித்தது. கண்ணாடி அப்படியே இருந்தது. இன்னும் அழுத்தித் துடைத்தான். உள்ளேயிருந்து வினோலியா ஒரு விரலால் கண்ணாடியில் கோடு இழுத்தாள். கோட்டின் வழியே அவன் மூக்கு தெரிந்தது.

"உள்ளேங்க," என்று கத்தினாள். "பனி உள்ளதான் கீது. வாங்க."

அவன் வந்து உட்கார்ந்தான். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வினோலியா சிவப்பு முக்கோணப் பட்டனை அமுக்கினாள். முக்கோணம் விட்டு விட்டு எரிந்தது.

டேவிட்டின் கை தானாக நீண்டது. அவள் அந்தக் கையில் ஒரு தட்டு தட்டினாள்.

"அது நான் போட்டது."

"சிவப்பு எரியுது வினோ."

"நான் போட்டேன், எரியுது. வண்டி நின்னுக்குனு கீதுன்னு பின்னாடி வர்றவனுக்குத் தெரியணும். இது ஃபால்ட்டா?"

"இது ஃபால்ட் இல்ல."

"ஏன்?"

"நீ போட்டதைப் பாத்தேன்."

அவள் முக்கோணத்தைப் பார்த்தாள். பிறகு அதன் கீழே வரிசையாக இருண்டு கிடந்த பட்டன்களைப் பார்த்தாள். விசிறி வடிவம், நெளிந்த அம்பு. வியாழக்கிழமைக் கோளாறு. அந்த விசிறி வடிவம் எதிரே இருந்த கண்ணாடி மாதிரியே இருந்தது. மேலே அகலம், கீழே குறுகல்.

"கண்ணாடி," என்றாள்.

"இன்னா?"

"இது விசிறி இல்ல. இந்தக் கண்ணாடி. அம்பு காத்து. கண்ணாடிக்குக் காத்து."

அமுக்கினாள். விளக்கு எரிந்தது. விசிறி பலமாக இரைந்தது. கூடவே ஏசி விளக்கும் எரிந்தது.

"பாத்தியா. நான் எழுதியிருக்கேன். ஒண்ணத் தொட்டா இன்னொண்ணு."

"என் மெஷின்ல ஸ்டார்ட் குடுத்தா ஹீட்டர், பம்ப், ரெண்டு விளக்கும் சேந்துதான் வரும். தனித்தனியா கூப்பிடத் தேவையில்ல."

"பனியை எடுக்க ஏசி எதுக்கு? ஏசி குளுருக்கு."

அவளுக்கும் உடனே தெரியவில்லை. காற்று வரும் இடத்தில் கையை வைத்தாள். பிறகு சூட்டுக் குமிழைத் திருப்பினாள். காற்று வெதுவெதுப்பானது. ஏசி விளக்கு எரிந்தபடியே இருந்தது.

"வீட்டு ஏசி தண்ணி சொட்டுதில்ல?" என்றாள். "அது ரூம்ல இருக்கிற ஈரம். இதுவும் ஈரத்தை எடுக்குது. காஞ்ச காத்து வந்தா கண்ணாடி காயுது."

கண்ணாடியின் அடியில் ஒரு விரல் அகலத்துக்குத் தெளிந்திருந்தது. அது மேலே ஏறியது. சாலை வந்தது. புளியமரம் வந்தது. மரத்தடியில் ஒதுங்கி நின்ற ஒருவர், டேவிட் மழையில் கண்ணாடி துடைத்ததையெல்லாம் பார்த்தவர், இவர்களைப் பார்த்துத் தலையாட்டினார்.

"வளைஞ்ச அம்பு ஏன் எரியல?" என்றான் டேவிட்.

"நீங்கதான் அணைச்சீங்களே."

"நீ போடலாமில்ல?"

"அம்பு எங்க திரும்புது பாருங்க. காருக்குள்ளயே. உள்ள இருக்கிற காத்தே சுத்தும், நம்ம மூச்சு, உங்க சட்டை ஈரம் எல்லாம். பனி எடுக்க அது ஆவாது. லாரிப் புகைக்குத்தான் ஆவும்."

அவன் நோட்டைப் புரட்டினான். திங்கள் 6.55. அந்த வரியை மறுபடி படித்தான்.

"அப்போ கசிவு இல்ல."

"வெளிக்காத்துக்குக் கதவைத் தொறந்து வச்சிட்டு புகை வருதுன்னு எழுதியிருக்கீங்க."

அவள் செவ்வகத்தையும் அமுக்கினாள். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்கண்ணாடியில் மெல்லிய கம்பிகள் ஓடின. கம்பி கம்பியாகப் பனி விலகியது. நோட்டில் கோடு போட்ட மாதிரி இருந்தது.

"இது சூடாத்தான் ஆவணும்," என்றான் டேவிட் மெதுவாக. "கம்பில கரண்ட். சாதாரண ஹீட்டர்."

"கால் மணியில அணையுது?"

"டைமர்." சொல்லிவிட்டு அவனே முகத்தைத் துடைத்துக்கொண்டான். "டைமர் வினோ. நான் போடாத டைமரா."

அவள் சிரிக்கவில்லை. முக்கோணத்தை அணைத்து, கண்ணாடியைப் பார்த்து, வண்டியைச் சாலையில் ஏற்றினாள்.

இருபது அடி போனதும் ஒரு விளக்கு எரிந்தது. நடுவில் அல்ல. ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டும் இடத்தில். சிவப்பு. கூடவே டிங் டிங் என்று சத்தம்.

"இது நான் போடல," என்றாள் வினோலியா.

டேவிட் எட்டிப் பார்த்தான். பக்கத்தில் தேடினான். அடியில் தடவினான்.

"பட்டன் எங்க?"

"பட்டன் இல்ல."

"பட்டன் இல்லாம எப்படி அணைக்கிறது?"

அவள் மறுபடி ஓரம் கட்டினாள். விளக்கில் இருந்த படத்தைக் குனிந்து பார்த்தாள். சின்னக் கார். ஒரு பக்கம் ஒரு கதவு, காது மாதிரி விரிந்திருந்தது.

"இதுக்குப் பட்டன் இருக்காதுங்க. இது நம்ம சொல்றது இல்ல. அது சொல்றது."

"இன்னா சொல்லுது?"

"உங்க கதவு சரியா மூடல."

அவன் கதவைத் திறந்து பலமாகச் சாத்தினான். விளக்கு அணைந்தது. சத்தம் நின்றது. இப்போது அவள் சிரித்தாள். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஆறு நாளா எழுதறீங்க," என்றாள். "நெசமா ஃபால்ட்டுக்கு எரிஞ்சது இது ஒண்ணுதான். அதுவும் உங்க ஃபால்ட்."

"ஓட்டு, ஓட்டு. மணி பதினொண்ணே கால்."

"எதுக்கு ஓட்டணும்? வீட்டுக்குத் திரும்பலாமே."

டேவிட் ஈரச் சட்டையைப் பிழிந்தான். "வரேன்னு சொல்லிட்டேன். போய்ப் பேசிட்டு வரலாம். இன்னும் அஞ்சு பாக்கி இருக்கு."

"அந்த அஞ்சும் இதேதான். வேற வேற நாள்."

அவன் நோட்டைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

கோலாரில் மழை இல்லை. பதினொன்று ஐம்பதுக்குக் கடைக்குள் போனார்கள். மேஜையில் பவ்யா இருந்தாள். போன சனிக்கிழமை சாவி கொடுத்த பெண். முன்னால் ஒரு ஃபார்ம் தயாராக இருந்தது. ஓரத்து நாற்காலியில் ஒரு மனிதர், குடும்பத்தோடு, கண்ணாடி வழியே வெளியே நின்ற காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேவிட் சார் தானே?" என்றாள் பவ்யா. கன்னட வாடையோடு தமிழ். "நேத்து போன்ல சொன்னீங்க. வண்டி சாயங்காலமே போயிடும் சார், இவங்க அதை வாங்கத்தான் வந்து உக்காந்திருக்காங்க. நீங்க கம்ப்ளைண்ட் மட்டும் சொல்லுங்க, நான் எழுதிக்கறேன். ஒன்பதுன்னீங்க."

பேனாவைத் திறந்தாள். ஒன்று என்று எழுதி, பக்கத்தில் புள்ளி வைத்து, நிமிர்ந்தாள்.

நாற்காலியில் இருந்தவரும் திரும்பினார்.

டேவிட் நோட்டைத் திறந்தான். பக்கம் ஈரத்தில் ஒட்டியிருந்தது. பிரித்தான். அவன் தலைமுடியிலிருந்து ஒரு சொட்டு திங்கட்கிழமையின் மேல் விழுந்தது.

கார்ச் சாவி வினோலியாவின் கையில் இருந்தது. அவள் அதை மேஜையில் வைக்கவில்லை.

"கேக்கறாங்க இல்ல," என்றாள். "படிச்சுக் காட்டுங்க. இன்னா கம்ப்ளைண்ட்?"